ஏழாம் வகுப்புக்கு டிங்கர்கேட்: ஒரு பகடை, ஒரு நாணயத் தட்டு, ஆறு பீரியட் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் பொருட்களை வடிவமைக்கும் இந்தப் பாடத்தை மூன்று ஆண்டுகளாக ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடத்தி வருகிறேன். மற்ற பள்ளி ஆசிரியர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே வைத்து, கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

எனக்கே கேட், அதாவது கம்ப்யூட்டரில் வடிவமைப்பது, தெரியாது. எந்த மென்பொருளில் ஆரம்பிப்பது?

டிங்கர்கேட். பிரவுசரில் tinkercad.com என்று தட்டினால் போதும், கம்ப்யூட்டரில் எதையும் நிறுவ வேண்டாம், காசும் கிடையாது. 2011-இல் தொடங்கப்பட்டது, 2013 முதல் ஆட்டோடெஸ்க் நிறுவனத்திடம் இருக்கிறது. பொறியாளர்கள் பயன்படுத்தும் ஆட்டோகேடும் அந்த நிறுவனத்தினுடையதுதான்.

இதில் கற்க வேண்டிய அடிப்படை ஒன்றே ஒன்று. பெட்டி, உருளை, கோளம் போன்ற திட உருவங்களை எடுத்து வைக்கிறோம். ஒவ்வொன்றையும் திடமாகவும் வைக்கலாம், Hole என்று மாற்றித் துளையாகவும் வைக்கலாம். இரண்டையும் சேர்த்து Group கொடுத்தால் திடத்திலிருந்து துளை கழிந்துவிடும். கூட்டலும் கழித்தலும், அவ்வளவுதான். கீழே வரும் நாணயத் தட்டை ஒரு மாலை உட்கார்ந்து நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். வகுப்புக்குள் நுழைய அந்தத் தயாரிப்பு போதும்.

ஆறு பீரியடுக்குள் எதை எதை முடிக்கலாம்?

என் கணக்கு நாற்பது நிமிடப் பீரியடுக்கானது. முதல் பீரியடில் கம்ப்யூட்டர் இல்லை. ஸ்கேலும் நோட்டும் மட்டும். இரண்டாவதில் திரையைச் சுற்றிப் பார்ப்பதும் ஒரு பெட்டியில் ஒரு துளை போடுவதும். மூன்றாவதில் பகடை. நான்காவதிலும் ஐந்தாவதிலும் நாணயத் தட்டு. ஆறாவதில் செய்ததைச் சோதித்து, தப்பைக் கண்டுபிடித்துத் திருத்துவது.

நேரம் போதாவிட்டால் பகடையை விட்டுவிடுங்கள். ஆறாவது பீரியடை மட்டும் விடாதீர்கள். சோதித்துத் திருத்தாத பிள்ளைக்கு இது படம் வரைந்த அனுபவமாகவே தங்கிவிடும்.

பிள்ளைகளுக்கு மின்னஞ்சல் இல்லை. எப்படி உள்ளே வருவார்கள்?

மின்னஞ்சல் தேவையில்லை. நீங்கள் ஆசிரியராகக் கணக்கு திறந்து, Classes பகுதியில் ஒரு வகுப்பை உருவாக்குங்கள். பிள்ளைகளை அதில் சேர்க்கும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு புனைபெயர் கொடுக்க வேண்டும். வகுப்புக்கு ஒரு குறியீடு கிடைக்கும். பிள்ளைகள் அந்தக் குறியீட்டையும் தங்கள் புனைபெயரையும் தட்டினால் உள்ளே வந்துவிடலாம். அவர்கள் செய்வதை எல்லாம் உங்கள் பக்கத்திலிருந்தே திறந்து பார்க்க முடியும்.

முழுப் பெயரைப் புனைபெயராக வைக்க வேண்டாம். நான் வரிசை எண்ணும் பழத்தின் பெயரும் சேர்த்து வைக்கிறேன்: koyya12, nelli07 என்று எழுத வருகிற பெயர்களாக. அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த வாரம் பாதிப் பேர் மறந்திருப்பார்கள்.

முதல் பீரியடில் கம்ப்யூட்டரைத் தொடவே விடமாட்டீர்களா? பிள்ளைகள் ஏமாந்து போவார்களே?

ஏமாந்துதான் போவார்கள். ஆனாலும் அந்த நாற்பது நிமிடத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. டிங்கர்கேடில் நாம் தட்டும் அளவு எல்லாமே மில்லிமீட்டரில்தான். ஒரு மில்லிமீட்டர் எவ்வளவு என்று விரலுக்குத் தெரியாத பிள்ளை, பேனா ஸ்டாண்டை அறுபதுக்குப் பதில் ஆறு என்று தட்டிவிட்டுத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடும். திரையில் எதையும் எவ்வளவும் பெரிதாகக் காட்டலாம் என்பதால் அந்தத் தப்பு அங்கே கண்ணில் படாது.

அதனால் முதல் நாள் எல்லோரும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயங்களை அளக்கிறோம். ஸ்கேலை நாணயத்தின் மேல் வைத்து அளந்தால் விட்டத்தைத் தவறவிட்டு, சற்று தள்ளிய நாணை அளந்துவிடுவார்கள். அளவு எப்போதும் குறைவாகவே வரும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. இரண்டு தீப்பெட்டிகளை ஸ்கேலின் ஓரத்தில் நேராக நிறுத்தி, நடுவில் நாணயத்தை வைத்து இரு பக்கமும் மெதுவாக நெருக்க வேண்டும். பிறகு நாணயத்தை எடுத்துவிட்டுப் பெட்டிகளுக்கு இடையில் உள்ள தூரத்தைப் படிக்க வேண்டும். வெர்னியர் காலிப்பரின் வேலையை இரண்டு தீப்பெட்டி செய்துவிடுகிறது.

இதில் ஒரு சண்டை வரும், வரட்டும். 2019-இல் வந்த வரிசையில் ஒரு ரூபாய் 20 மில்லிமீட்டர், இரண்டு ரூபாய் 23, ஐந்து ரூபாய் 25, பத்து ரூபாய் 27. அதற்கு முந்தைய 2011 வரிசையில் இரண்டு ரூபாய் 25, ஐந்து ரூபாய் 23. அதாவது இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. ஒரு பெஞ்சில் "அஞ்சு ரூபா 25" என்றும் அடுத்த பெஞ்சில் "இல்ல, 23" என்றும் வாதம் நடக்கும். இரண்டு பேரும் சரியாகத்தான் அளந்திருப்பார்கள். நாணயத்தில் உள்ள ஆண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். புத்தகத்திலோ பக்கத்து நோட்டிலோ உள்ள அளவை நம்பாமல் கையில் இருக்கும் பொருளை அளக்க வேண்டும் என்பதை நான் வாயால் சொல்லிப் புரியவைத்ததைவிட இந்தச் சண்டை நன்றாகப் புரியவைத்திருக்கிறது.

திரையில் ஒட்டியிருப்பது போல் தெரிகிறது, சுற்றிப் பார்த்தால் காற்றில் மிதக்கிறது. ஏன்?

முப்பரிமாணத்தில் ஒரே கோணத்திலிருந்து பார்த்து வேலை செய்தால் எல்லோருக்கும் நேர்வதுதான் இது. ஒரு பெட்டியின் மேல் இன்னொன்றை வைத்ததாகத் தோன்றும். உண்மையில் அது பின்னால் தள்ளி அந்தரத்தில் நிற்கும்.

இரண்டாவது பீரியடின் முதல் பத்து நிமிடத்தை இதற்கே கொடுங்கள். வலது பட்டனை அழுத்தி மவுஸை நகர்த்தினால் பார்வை சுற்றும். சக்கரத்தை உருட்டினால் கிட்டே, தூரம். F தட்டினால் தேர்ந்தெடுத்த பொருள் திரைக்கு நடுவில் வந்து நிற்கும். தொலைந்து போன பிள்ளைக்கு வீடு திரும்பும் வழி அந்த F. மிதக்கும் பொருளைத் தேர்ந்தெடுத்து D தட்டினால் தரையில் இறங்கிவிடும். என் வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: எதை வைத்தாலும் மேலிருந்து ஒருமுறை, பக்கவாட்டிலிருந்து ஒருமுறை பார்த்த பிறகுதான் "முடிஞ்சுது சார்" என்று கை தூக்க வேண்டும்.

லேப்டாப் டச்பேடில் இதைச் செய்வது பெரிய அவஸ்தை. சக்கரம் உள்ள சாதாரண மவுஸ் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மவுஸ் குறைவாக இருந்தால் இரண்டு பேருக்கு ஒன்று கொடுத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற்றுங்கள்.

பகடை எதற்கு? சாவிக்கொத்தில் பெயர் எழுதுவதைத்தானே எல்லோரும் முதலில் செய்கிறார்கள்?

பெயர் எழுதுவதில் சரி, தப்பு என்று எதுவும் இல்லை. எழுத்து எங்கே விழுந்தாலும் அழகுதான். பகடைக்கு விதி இருக்கிறது: எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் ஏழு வர வேண்டும். பிள்ளையே சரிபார்த்துக்கொள்ளலாம்.

டிங்கர்கேடில் பெட்டியை இழுத்துப் போட்டாலே 20 மில்லிமீட்டர் கனசதுரமாகத்தான் வரும். புள்ளிக்கு 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள கோளத்தை Hole ஆக்கி முகத்தின் மேல் வைக்க வேண்டும். வைத்ததும் அது முகத்தின் மேல் கோலிக்குண்டு போல உட்கார்ந்திருக்கும். Ctrl-ஐயும் கீழ் அம்புக்குறியையும் இரண்டு முறை தட்டினால் 2 மில்லிமீட்டர் இறங்கி, பாதி உள்ளே போய்விடும். அரைக்கோளக் குழி கிடைக்கும். பக்கவாட்டு முகங்களுக்கு W தட்டி அந்த முகத்தைச் சொடுக்கினால் வேலைத்தளமே அங்கே ஒட்டிக்கொள்ளும். பிறகு போடும் கோளம் நேராக அந்த முகத்தில் வந்து உட்காரும். அடிமுகத்துக்கு மட்டும், அதுவரை செய்ததை Group செய்து கனசதுரத்தைப் புரட்டிக்கொள்வது எளிது.

மொத்தம் 21 புள்ளி. ஒரு பீரியடில் எல்லோரும் முடிப்பதில்லை. ஒன்று, ஆறு, இரண்டு, ஐந்து ஆகிய நான்கு முகங்கள் வந்தால் எனக்குப் போதும்.

நாணயத் தட்டைப் படிப்படியாகச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சவால் இதுதான்: நான்கு வகை நாணயங்களும் ஒவ்வொன்றும் தன் குழியில் உட்கார வேண்டும், தலைகீழாகக் கவிழ்த்தால் விழ வேண்டும், தட்டு உங்கள் பென்சில் பாக்ஸுக்குள் அடங்க வேண்டும். அளவுகளை நான் சொல்வதில்லை. கரும்பலகையில் கணக்கு போட்டு அவர்களே வருகிறார்கள். 2019 வரிசை நாணயங்களை வைத்துச் செய்தால் கணக்கு இப்படிப் போகும்.

20 மில்லிமீட்டர் நாணயத்துக்கு 20 மில்லிமீட்டர் குழி போட்டால் நாணயம் உள்ளே போகாது. அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விடுகிறோம். குழிகள் 21, 24, 26, 28. கூட்டினால் 99. குழிகளுக்கு நடுவிலும் இரு ஓரத்திலும் 4 மில்லிமீட்டர் சுவர் வேண்டும். அப்படி ஐந்து சுவர், 20 மில்லிமீட்டர். ஆக நீளம் 119. அகலத்துக்குப் பெரிய குழி 28, இரு பக்கமும் 4, ஆக 36. உயரம் 5: அதில் 2 அடித்தளம், 3 குழியின் ஆழம்.

இப்போது திரைக்கு வருவோம். ஒரு பெட்டியைப் போட்டு, மூலையிலுள்ள வெள்ளைச் சதுரத்தைச் சொடுக்கி 119, 36 என்றும், மேல்முகத்தின் நடுவிலுள்ள வெள்ளைச் சதுரத்தைச் சொடுக்கி 5 என்றும் எண்களைத் தட்ட வேண்டும். இழுத்துச் சரிசெய்ய விடாதீர்கள். அளவைத் தட்டும் பழக்கம் முதல் நாளே வர வேண்டும். பிறகு R தட்டி Ruler-ஐத் தட்டின் இடது மூலையில் வைக்க வேண்டும். இனி எந்தப் பொருளைத் தொட்டாலும் அந்த மூலையிலிருந்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எண் தெரியும். அந்த எண்ணையும் மாற்றலாம்.

நான்கு உருளைகளைப் போட்டு Hole ஆக்கி, விட்டத்தை 21, 24, 26, 28 என்று தட்டுங்கள். உயரம் 10 கொடுங்கள், தரையிலிருந்து 2 மில்லிமீட்டர் தூக்கிவையுங்கள். ஆழம் 3 தானே வேண்டும், ஏன் 10 என்று கட்டாயம் கேட்பார்கள். துளையின் மேல்முகம் தட்டின் மேல்முகத்தோடு சரியாக ஒரே மட்டத்தில் முடிந்தால், அந்த எல்லையில் எது திடம், எது வெற்றிடம் என்பதில் குழப்பம் வந்து மெல்லிய தோல் போல ஏதாவது எஞ்சலாம். மேலே நீட்டிக்கொண்டு நின்றால் அந்தச் சந்தேகமே இல்லை. கேக் வெட்டும்போது கத்தி கேக்கைவிட நீளமாக இருப்பது போலத்தான்.

இடது ஓரத்திலிருந்து முதல் குழி 4-இல் தொடங்கும். அடுத்தது 4 + 21 + 4, அதாவது 29. அதற்கடுத்தது 57, பிறகு 87. கடைசிக் குழி 115-இல் முடிந்து 4 மில்லிமீட்டர் சுவரோடு 119 ஆகிவிடும். கணக்கு சரியாக முடியும் அந்த இடத்தில் வகுப்பில் ஒரு சத்தம் எழும், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

அகல வாக்கில் நடுவுக்குக் கொண்டுவர எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து L தட்டி, அகலப் பக்கத்தில் உள்ள நடுப்புள்ளியை மட்டும் சொடுக்க வேண்டும். நீளப் பக்கத்தின் நடுப்புள்ளியைச் சொடுக்கினால் நான்கு குழியும் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்துவிடும். Ctrl+Z போட்டுத் திரும்பலாம். கடைசியாக எல்லாம் தேர்ந்தெடுத்து Ctrl+G. குழிகள் விழுந்துவிடும்.

அளவு எல்லாம் சரியாகத்தான் போட்டோம், ஆனாலும் நாணயம் உள்ளே போகவில்லையே?

உருளை வட்டம் இல்லை, அதுதான் காரணம். டிங்கர்கேடின் உருளை, போட்டவுடன் 20 பக்கங்கள் கொண்ட பலகோணமாக வருகிறது. நீங்கள் தட்டும் விட்டம் மூலைக்கு மூலை உள்ள தூரம். தட்டையான பக்கத்திலிருந்து எதிர்ப் பக்கத்துக்கு உள்ள தூரம் அதைவிட நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு குறைவு.

ஒரு பிள்ளை பத்து ரூபாய்க் குழியை இறுக்கமாக வைக்க ஆசைப்பட்டு 27.3 என்று தட்டியிருந்தாள். நாணயம் 27. கணக்குப்படி 0.3 இடம் இருக்கிறது. ஆனால் 20 பக்கப் பலகோணத்தில் பக்கத்துக்குப் பக்கம் 26.96 தான் வரும். நாணயத்தைவிடச் சிறிய குழி! உருளையைத் தேர்ந்தெடுத்தால் வரும் பெட்டியில் Sides என்ற நகர்த்தியை 64-க்குக் கொண்டுபோனால் இந்தக் குறைவு 0.03 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். எல்லாத் துளைக்கும் இதை வழக்கமாகச் செய்யச் சொல்லுங்கள். நான் விட்டிருக்கும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் 20 பக்கம் வைத்தாலும் நாணயம் போய்விடும். இறுக்கிப் பிடிக்கும்போதுதான் இது கடிக்கும்.

Hole கொடுத்தும் துளை விழவில்லை என்று பாதி வகுப்பு கை தூக்குகிறது. எல்லோரையும் எப்படிப் பார்ப்பது?

மூன்றே காரணம்தான். Group செய்ய மறந்திருப்பார்கள். சாம்பல் கோடு போட்ட கண்ணாடி உருளை அப்படியே நின்றால் இதுதான். அல்லது துளைகளை மட்டும் தேர்ந்தெடுத்து Group செய்து, தட்டை விட்டிருப்பார்கள். துளைகள் ஒரு கூட்டமாகிப் பெரிய துளையாக நிற்கும். அல்லது துளை தட்டைத் தொடவே இல்லை, மேலே மிதக்கிறது. பக்கவாட்டில் திருப்பினால் உடனே தெரிந்துவிடும். இந்த மூன்றையும் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்து, கை தூக்குமுன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

எங்கள் பள்ளியில் முப்பரிமாணப் பிரிண்டர் இல்லை. எதை வைத்துச் சோதிப்பது?

அட்டை. ஆறாவது பீரியடை நான் பெரும்பாலும் அட்டையில்தான் நடத்துகிறேன். தட்டின் அளவைக் கிராஃப் தாளில் வரைந்து, பழைய பெட்டியின் நெளிவு அட்டையில் ஒட்டி இரண்டு துண்டு வெட்ட வேண்டும். மேல் துண்டில் நான்கு வட்டத்தையும் வெட்டி எடுத்து, கீழ்த் துண்டின் மேல் ஒட்டினால் தட்டு தயார். வகுப்பு அட்டைக் குப்பையாகிவிடும், அதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். கத்தியை நீங்களே கையாளுங்கள்.

முதல் ஆண்டு இந்தச் சோதனையில்தான் ஒரு பையன், "சார், உள்ள போகுது, வெளிய வரல" என்றான். குழி 3 மில்லிமீட்டர் ஆழம், நாணயத்தின் தடிமன் 2-க்கும் குறைவு. விளிம்பு குழிக்குள் மறைந்துவிடுவதால் நகத்தால் பிடிக்க எதுவும் இல்லை. கவிழ்த்தால் நான்கும் ஒன்றாகக் கொட்டும். நான்கு மாணவர்கள் நான்கு வழி கொண்டுவந்தார்கள். ஒருத்தி ஒவ்வொரு குழியின் நடுவிலும் 10 மில்லிமீட்டர் துளையை அடிவரை போட்டாள். கீழிருந்து விரலால் தள்ளினால் நாணயம் எழும்பி வரும். இன்னொருவன் குழியின் ஆழத்தை 1 ஆக்கினான். நாணயத்தைப் பிடிக்க வந்தது, ஆனால் தட்டை நடந்துகொண்டே எடுத்துப் போனபோது எல்லாம் சரிந்துவிட்டது. இந்தச் சிக்கலை நான் முன்கூட்டிச் சொல்வதே இல்லை.

அடல் டிங்கரிங் லேப் மூலம் பிரிண்டர் வந்திருக்கிறது. எல்லோருக்கும் ஒன்று அச்சடிக்கலாமா?

வேண்டாம். நடுத்துளைகளோடு இந்தத் தட்டின் கன அளவு சுமார் 15 கன சென்டிமீட்டர். முழுத் திடமாக அச்சடித்தால் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையில் 18, 19 கிராம் வரும். 36 பிள்ளைகளுக்கு ஒரு கிலோ சுருளில் மூன்றில் இரண்டு பங்கு காலி. அதைவிடப் பெரிய தடை நேரம்தான்: ஒரு தட்டுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒன்று என்று வைத்தால் ஒன்பது தட்டு, ஒரு வாரத்தில் முடியும். யாருடைய வடிவம் அச்சாக வேண்டும் என்பதை அட்டைச் சோதனையில் தேறியதை வைத்துக் குழுவே முடிவு செய்யட்டும். Export கொடுத்து .STL ஆக எடுத்து அச்சு மென்பொருளில் திறந்தால் போதும். தட்டையான அடிப்பாகம் கீழே இருக்கும்படி வைத்தால் எந்தத் தாங்கியும் தேவைப்படாது.

இடையில் நெட் போய்விட்டால் செய்தது எல்லாம் போய்விடுமா?

டிங்கர்கேட் தானாகவே சேமித்துக்கொண்டு இருக்கும், கடைசியாகச் சேமித்தது வரை கிடைக்கும். ஆனால் நெட் இல்லாமல் வேலை நடக்காது. அப்படிப்பட்ட நாளில் கிராஃப் தாளில் அடுத்த தட்டின் கணக்கைப் போட விடுங்கள்.

மதிப்பெண் எப்படிக் கொடுப்பது? பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன.

மேலோட்டமாகப் பார்த்துக் கொடுக்காதீர்கள். பிள்ளையின் வடிவத்தை உங்கள் கணக்கில் திறந்து, தேர்ந்தெடுத்து Ctrl+Shift+G போடுங்கள். Group பிரிந்து உள்ளே உள்ள உருவங்கள் தனித்தனியாக வெளிவரும். ஒவ்வொரு உருளையின் விட்டமும் 24, 26 என்று முழுமையாக இருந்தால் பிள்ளை எண்ணைத் தட்டியிருக்கிறாள். 23.71, 26.38 என்று இருந்தால் கண்ணால் இழுத்துச் சரிசெய்திருக்கிறாள். பார்த்து முடித்ததும் Ctrl+Z போட்டுப் பழையபடி ஆக்கிவிடுங்கள்.

இன்னொன்று, முதல் தட்டை அழிக்க விடாமல் நகல் எடுத்து, thattu1, thattu2 என்று பெயரிடச் சொல்கிறேன். பாதி மதிப்பெண் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு. எதை மாற்றினாய், ஏன் மாற்றினாய் என்று நோட்டில் இரண்டு வரி எழுத வேண்டும். "அஞ்சு ரூபா மாட்டிக்கிச்சு, அதனால் 25-ஐ 26 ஆக்கினேன்" என்று எழுதியிருந்தால் முழு மதிப்பெண்.

சிலர் நான்காவது பீரியடிலேயே முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். என்ன கொடுக்கலாம்?

தட்டுக்கு ஒரு மூடி கேளுங்கள். தட்டின் வெளி அளவு 119, 36. மூடி அதன் மேல் தொப்பி போல் இறங்க வேண்டுமென்றால் மூடியின் உள் அளவு எவ்வளவு, சுவரோடு வெளி அளவு எவ்வளவு என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். இரு பக்கமும் அரை மில்லிமீட்டர் விட்டால் உள் அளவு 120, 37; சுவர் 2 மில்லிமீட்டர் என்றால் வெளி அளவு 124, 41. முதல் முயற்சியில் பெரும்பாலும் இடைவெளியை ஒரு பக்கத்துக்கு மட்டுமே கூட்டி 119.5 என்று எழுதுவார்கள். திருத்திச் சொல்லாமல், அட்டையில் வெட்டி மூடிப் பார்க்கச் சொல்லுங்கள்.